நன்றியோடு சேர்த்து அனுப்பிய ஒரு விடயம்

கேள்வி: "நேற்று ஹட்டனில் ஒரு தனியார் கம்பனியின் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்தேன். நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பு என்று அண்ணன் சொல்கிறார். அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத்தானே எழுந்து வந்தேன். திரும்பவும் அதையே எழுதினால் காக்காய் பிடிப்பது போல இருக்காதா?"

அதையே எழுதினால் அப்படித்தான் இருக்கும். ஆகவே நன்றியை ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, அந்த அறையில் பேச்சில் வந்து முடிவு பெறாமல் நின்றுபோன ஒரு விடயத்தைப் பற்றி நான்கைந்து வாக்கியங்கள் எழுதுங்கள். உங்கள் கேள்வியிலிருந்து, இது உங்களுக்கு முதலாவது அல்லது இரண்டாவது தனியார் துறை நேர்முகப் பரீட்சை என்று எடுத்துக்கொள்கிறேன். அவ்வாறு இல்லையென்றாலும் கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து சண்டை பிடிப்பார்கள். அரசாங்கப் பதவிக்கான நேர்முகப் பரீட்சையாக இருந்தால் இப்படி எதையும் அனுப்பாதீர்கள். அங்கே சான்றிதழ், அனுபவம், மொழித் தகைமை என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட புள்ளித் திட்டம் இருக்கும். நீங்கள் வெளியே வந்த பிறகு எழுதும் எதற்கும் அதில் இடமில்லை. செல்வாக்குச் செலுத்த முயல்வது தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்று சில விளம்பரங்களிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் மின்னஞ்சல் அந்த வரிக்குள் அகப்படாது என்று நாம் வாதாடலாம், ஆனால் அந்த வாதத்துக்கு அவசியமே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. நான் சொல்வதெல்லாம் தனியார் கம்பனிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே.

சில வருடங்களுக்கு முன்பு பண்டாரவளைப் பக்கத்தில், சிறுபற்று நில உரிமையாளர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தேயிலையாக்கும் ஒரு தொழிற்சாலையில், கொழுந்து சேகரிப்பு மேற்பார்வை உத்தியோகத்தர் வெற்றிடம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். தொழிற்சாலை முகாமையாளரும், கொழும்பிலிருந்து வந்த மனிதவள அதிகாரி ஒருவரும், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரும் இருந்தார்கள். வழமையான கேள்விகள் முடிந்த பிறகு, முகாமையாளர் சற்றுச் சலிப்போடு, "தம்பி, தூரத்திலிருந்து வரும் மூட்டைகளில் பாதி சிவந்துதான் வந்து சேருகிறது, லொறியை எத்தனை தரம் மாற்றியும் சரிவரவில்லை" என்றார். மூட்டையை இறுக்கிக் கட்டக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது என்று நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மனிதவள அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டார். பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விட்டது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பறித்த கொழுந்து உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சுவிடுகிறது, அதனால் வெப்பம் உண்டாகிறது. பொலித்தீன் சாக்கில் அழுத்திக் கட்டினால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. நசுங்கிய இலையில் இருக்கும் சாறு காற்றோடு சேர்ந்து, தொழிற்சாலையில் இலையை உருட்டிய பிறகு நடக்க வேண்டிய நிறமாற்றம் சாக்குக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. சிவந்த கொழுந்தை எவ்வளவு கவனமாக வாட்டினாலும் பழைய தரம் திரும்பாது. ஆகவே முகாமையாளர் கேட்டது பேச்சுக்காகக் கேட்ட கேள்வி அல்ல, அவருடைய அன்றாடத் தலைவலி அது.

நான் அதற்கு முன்பு ஒரு சிறுபற்று நில உரிமையாளர் சங்கத்தில் நிறுவைப் புத்தகம் எழுதும் வேலை பார்த்திருந்தேன். அங்கே இதே சிக்கல் இருந்தது, அதற்கு ஒரு வழியும் கண்டிருந்தோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது, கேட்ட கேள்விகளை நினைவிருக்கும்வரை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். அன்றிரவே, நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த மின்னஞ்சலுக்குப் பதிலாக இதை எழுதினேன். நேர்முகப் பரீட்சை ஆங்கிலத்தில் நடந்ததால் நானும் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன்.

"இன்று என்னைச் சந்திக்க நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. தூர இடங்களிலிருந்து வரும் கொழுந்து சிவப்பது பற்றி முகாமையாளர் குறிப்பிட்டார். நான் வேலை செய்த சங்கத்தில், லொறி வந்து நிறுக்கும் நேரத்தை மட்டும் எழுதிவந்த நாங்கள், ஒவ்வொரு மூட்டையும் சேகரிப்பு இடத்துக்கு வந்த நேரத்தையும் ஓர் அட்டையில் எழுதிக் கட்டத் தொடங்கினோம். அதிகம் சிவந்த மூட்டைகள் மிகத் தூரத்திலிருந்து வந்தவை அல்ல, காலையிலேயே கொண்டுவரப்பட்டு மாலைவரை சந்தியில் காத்திருந்தவை என்பது அதனால் தெரியவந்தது. அந்த இடத்தில் மட்டும் கொழுந்தைக் கூரையின் கீழ் பரப்பி வைத்து, லொறி வரும் நேரத்தில் சாக்கில் போடும்படி ஏற்பாடு செய்தபோது சிவப்பது குறைந்தது. உங்கள் சேகரிப்பு இடங்களிலும் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை, பார்க்கத்தக்க ஒன்று என்றே சொல்கிறேன். விரும்பினால் அந்த அட்டையின் மாதிரியைக் காட்ட முடியும். இதை முகாமையாளருக்கும் தெரியப்படுத்தினால் நன்றியுடையவனாவேன்."

அவ்வளவுதான். கைபேசித் திரையில் இரண்டு தரம் விரலைத் தள்ளினால் முடிந்துவிடும். நன்றி சொல்வது தொடக்கத்தில் ஒரு வரி, மீதியெல்லாம் அவர்களுடைய சிக்கலைப் பற்றியது. நான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவன், இந்த வாய்ப்பு என் கனவு என்ற வகையில் ஒரு சொல்கூட இல்லை. அவையெல்லாம் சுயவிபரக் கோவையில் ஏற்கெனவே இருக்கின்றன.

எந்த விடயத்தைத் தெரிவு செய்வது என்பதுதான் இதில் கடினமான பகுதி. அறையில் அவர்கள் எந்த இடத்தில் உங்கள் பதிலுக்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்டார்கள், எந்த இடத்தில் தங்கள் வேலையிடத்தைப் பற்றித் தாங்களாகவே பேசினார்கள், எந்த இடத்தில் பேச்சு பாதியில் அறுந்தது என்று பாருங்கள். அந்த இடங்களில் ஒன்றைப் பற்றி உங்கள் சொந்த அனுபவத்தில் சொல்ல ஏதாவது இருந்தால், அதுவே நீங்கள் தேடும் விடயம். நீங்கள் நன்றாகப் பதில் சொல்லி அவர்களும் தலையாட்டிய இடத்தை எடுத்து மேலும் அலங்கரித்தால், புதிதாக எதுவும் சேராது. கொடுத்த பதிலொன்றில் ஒரு திகதியோ தொகையோ விடுபட்டிருந்தால் அதை ஒரு வாக்கியத்தில் நிரப்பலாம், அதுவும் பயனுள்ளதே. சம்பளம், விடுமுறை, தங்குமிட வசதி போன்றவற்றை இந்த மின்னஞ்சலில் எழுதாதீர்கள், ஏனென்றால் படிப்பவர் அதற்கு மட்டும்தான் பதில் யோசிப்பார்.

தொனியிலும் கவனம் வேண்டும். "உங்கள் முறை தவறு, இப்படிச் செய்யுங்கள்" என்று வேலைக்குச் சேராத ஒருவர் எழுதினால், அது சரியாகவே இருந்தாலும் கசக்கும். அங்கே இது நடந்தது, காரணம் இதுவாக இருந்தது, உங்களிடமும் அதுவே என்று நான் சொல்லவில்லை என்ற வரிசையில் எழுதினால் படிப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இலவசமாக யோசனையைக் கொடுத்துவிட்டு வேலையும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய யோசனை களவு போவதால் எனக்கு நட்டமில்லை. நடைமுறைப்படுத்தும்போது வரும் தொல்லைகளைச் சமாளிக்கும் விதம் என்னிடம்தான் இருக்கிறது. அதற்காக முழுத் திட்டத்தையும் பத்துப் பக்கத்தில் எழுதி இணைத்து அனுப்பச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இணைப்பு எதுவும் வேண்டாம், கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

அந்த மின்னஞ்சலால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன், அப்படி நிரூபிக்க யாராலும் முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது சந்திப்புக்கு அழைத்தபோது, முகாமையாளர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி அந்த அட்டையைப் பற்றியதே. "வந்த நேரத்தை யார் எழுதுவது? லொறி வரும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நேரத்தைப் போட்டுவிடுவார்களே" என்றார். எங்கள் சங்கத்திலும் ஆரம்பத்தில் அதுதான் நடந்தது என்று சொன்னேன். அடுத்தடுத்த அட்டைகளில் பத்து மணி, பத்து மணி என்று ஒரே எண் வந்தால் அது பிறகு எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களை விலக்கிவிட்டு மற்ற நாட்களை மட்டும் ஒப்பிட்டோம் என்று விளக்கினேன். மழை நாளில் பரப்பி வைக்க இடமில்லாதபோது என்ன செய்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். அதற்கு எங்களிடம் நல்ல தீர்வு இருக்கவில்லை, சாக்கின் வாயைக் கட்டாமல் நிமிர்த்தி வைத்ததோடு சரி என்று உள்ளதைச் சொன்னேன். ஆகவே, எங்கோ வாசித்ததையோ வேறொருவர் செய்ததையோ உங்களுடையது போல எழுதிவிடாதீர்கள். நீங்கள் சேர்க்கும் அந்த ஒரு விடயத்தைத்தான் அடுத்த சந்திப்பில் பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள்.

அனுப்பும் விதத்தைப் பொறுத்தவரை, புதிய மின்னஞ்சல் தொடங்காமல், அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். பதவியின் பெயரும் நேர்முகப் பரீட்சைத் திகதியும் அதிலேயே இருப்பதால், பலரைச் சந்தித்த மனிதவள அதிகாரிக்கு நீங்கள் யாரென்று தேட வேண்டியிருக்காது. மற்றவர்களின் முகவரியை எங்கிருந்தாவது தேடி எடுத்துத் தனித்தனியே எழுதவும் வேண்டாம். அன்றிரவோ மறுநாள் காலையோ அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் சிறிய கம்பனிகளில் தீர்மானம் சீக்கிரமே எடுக்கப்பட்டுவிடும். உங்களுக்கு நேற்றுத்தான் முடிந்தது என்பதால் இன்றே அனுப்பலாம்.

தபாலில் அனுப்பலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல், வரும் கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, யாரோ ஒருவர் நினைத்த நேரத்தில் கொண்டுவந்து கொடுத்து, நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்த பிறகு அழைப்புக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே உண்டு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரியை முதலில் எழுதுகிறேன்.

பதில் வராவிட்டால் இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். முடிவு சொல்வதாக அவர்கள் குறிப்பிட்ட திகதி கடந்த பிறகு ஒரு தடவை தொலைபேசியில் கேட்கலாம். அப்போது கொழுந்தைப் பற்றியோ உங்கள் யோசனையைப் பற்றியோ நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம், தீர்மானம் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.