படத்தில் இருக்கும் ஆரஞ்சு உடுப்பெல்லாம் லைஃப் ஜாக்கெட்டா?

கேள்வி: குளச்சல் பக்கம் ஒரு பழைய பைபர் வள்ளம் விலைக்கு வந்திருக்கிறது. "நங்கூரம், ஜாக்கெட், மிதவை, கயிறு எல்லாம் சேர்த்துத்தான் விலை" என்று சொல்லிப் போனில் படம் அனுப்பியிருக்கிறார்கள். பார்த்துச் சொல்லுங்களேன்.

பதில்: முதலில் ஜாக்கெட்டைப் பார்ப்போம், ஏமாறுவது அங்கேதான். படத்தில் ஆறு ஆரஞ்சு உடுப்புகள் தொங்குகின்றன. அவற்றில் இரண்டில்தான் கழுத்துக்குப் பின்னால் தடித்த பட்டை தெரிகிறது. மயங்கியவரை மல்லாக்கத் திருப்பி, வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதற்கு அந்தப் பட்டையும் நெஞ்சுப் பக்கத்துப் பருமனும் வேண்டும். மற்ற நான்கும் பனியன் மாதிரி முன்னும் பின்னும் ஒரே தடிமன். அவை பெரும்பாலும் 50 நியூட்டன், அதாவது தண்ணீரில் கிட்டத்தட்ட 5 கிலோ தாங்கும் வகையாக இருக்கும். நினைவோடு நீந்துகிறவருக்கு அது கை கொடுக்கும், மயங்கியவரைத் திருப்பாது. கடலுக்குள் தூரம் போகிறவர்களுக்கு 150 நியூட்டன்தான் சரி. எண் உள்பக்கத்துச் சீட்டில் இருக்கும். அதைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீட்டு கிழிந்துபோய்விட்டது என்றால் நான் அதற்கு ஒரு பைசா விலை போடமாட்டேன்.

உள்ளே பஞ்சு ஊறிப்போயிருந்தால் படத்தில் தெரியாது. நேரில் போகும்போது ஒன்று செய்யுங்கள். 100 நியூட்டன் என்று எழுதிய ஜாக்கெட்டில் 10 கிலோ இரும்பு எடைக்கல்லைக் கட்டித் தண்ணீரில் விடுங்கள். தண்ணீருக்குள் அந்த இரும்பு கிட்டத்தட்ட 8.7 கிலோதான் இழுக்கும், ஜாக்கெட்டோ 10 கிலோ தாங்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டும் மிதந்தால் சரி, அமிழ்ந்தால் தள்ளிவிடுங்கள்.

அந்த ஆரஞ்சு உருண்டை வலைக்குப் போடும் மிதவை. ஆள் பிடித்துத் தொங்குகிற உயிர்காப்பு மிதவை வட்ட வளையமாக இருக்கும், சுற்றிலும் பிடிகயிறு ஓடும், ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கும். படத்தில் அது இல்லவே இல்லை.

நங்கூரம் நாலு கொக்கி உள்ளது. பாறைப் பாரில் நன்றாகக் கவ்வும், மணலில் உழுதுகொண்டே வரும். நீங்கள் பாருக்கு மேலே தொழில் செய்பவர் என்றால் கவலையில்லை. மணல் தரையில் நிற்பதாக இருந்தால், இரண்டு தட்டையான இலை போல மடங்கும் நங்கூரம் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்தக் கயிறு. நங்கூர வளையத்தில் நேராக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள், முடிச்சுக்குப் பக்கத்தில் இழை பிரிந்து மயிர் மாதிரி நிற்கிறது. பாறையில் உரசிய கயிறு அது. அங்கே இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருக்க வேண்டும். கயிற்றுக் கண்ணிக்குள் தேயாமல் காக்க ஒரு திம்பிள், இரண்டையும் இணைக்க ஒரு ஷேக்கிள். ஷேக்கிள் ஆணி தானாகக் கழன்றுவிடாமல் கம்பியால் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நங்கூரத்தைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர்கள் நம்மூரில் நிறைய.