விளையாட்டின் ஒலி மட்டும் ஏன் பிந்தி வருகிறது? புளூடூத் டிரான்ஸ்மிட்டர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, போனில் படம் பார்க்கும்போது குரலும் உதடும் ஒத்துப்போகின்றன. அதே ஹெட்போனில் விளையாடினால் துப்பாக்கிச் சத்தம் பிந்தித்தான் கேட்கிறது. ஏன்?

பதில்: படத்தில் அடுத்து என்ன வரும் என்பது முன்பே கோப்பில் இருக்கிறது. ஹெட்போன் எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு நேரம் காட்சியையும் நிறுத்திவைத்து, இரண்டையும் செயலி சேர்த்து ஓட்டிவிடுகிறது. விளையாட்டில் நீங்கள் பட்டனை அழுத்திய பிறகுதான் அந்தச் சத்தமே பிறக்கிறது. காட்சியை நிறுத்திவைத்தால் விளையாடவே முடியாது.

ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர்; அதன் சுருக்கும் வேலைதான் நேரத்தைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா ஸ்டீரியோ புளூடூத் ஹெட்போன்களிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி கோடெக், வழக்கமாக 128 மாதிரிகள், அதாவது ஒலியின் கணநேர அளவுகள், கொண்ட சிறு துண்டுகளாக ஒலியைக் கையாள்கிறது; விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு துண்டு 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. நேரம் போவது வேறிடத்தில். ரேடியோவில் ஒலித் தகவலின் சில பொட்டலங்கள் வழியிலேயே கெட்டுப்போகும், அவற்றைத் திரும்ப அனுப்ப வேண்டும்; அதுவரை ஒலி அறுபடாமல் இருப்பதற்காக ஹெட்போன் கொஞ்சம் ஒலியை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொண்டே பாடுகிறது. அந்தக் கையிருப்பு 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை இருப்பது சாதாரணம். உங்கள் காதில் விழும் தாமதத்தின் பெரும்பகுதி அதுதான்.

கேள்வி: அப்படியானால் கன்சோலில் செருகி ஹெட்போனுக்கு ஒலி அனுப்பும் புளூடூத் 5.3 டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் போதுமே? எண் கூடக் கூட வேகமும் கூடும் அல்லவா?

பதில்: பாதி சரி. 5.2 பதிப்பில் வந்த வசதிகளின் மேல்தான் எல்இ ஆடியோ என்ற புதிய முறையும் அதன் எல்சி3 கோடெக்கும் இயங்குகின்றன. அதில் தாமதத்தைக் கணிசமாகக் குறைக்க வழி உண்டு. ஆனால் பெட்டியில் 5.3 என்று அச்சிட்டிருப்பதாலேயே எல்இ ஆடியோ உள்ளே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தாலும், ஹெட்போனிலும் அது இல்லாவிட்டால் இரண்டும் பழைய முறையிலேயே பேசிக்கொள்ளும். இரண்டிலும் இருந்தால்கூட எவ்வளவு கையிருப்பு வைப்பது என்பது தயாரிப்பாளரின் முடிவாகவே இருக்கிறது. ஆகவே எல்லாக் கருவிக்கும் பொருந்தும் ஓர் எண்ணை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் 40 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கிறது. பட்டன் 'டிக்' சத்தத்தையும் துப்பாக்கிச் சத்தத்தையும் ஒன்றாகப் பதிவு செய்து, அலைவடிவில் இடைவெளியை அளந்தேன். வயர் ஹெட்போனில் 90, இதில் 300. டிரான்ஸ்மிட்டர் பழுதா?

பதில்: நல்ல அளவீடு; வயரோடு ஒப்பிட்டது இன்னும் நல்லது. அந்த 90 கன்ட்ரோலருக்கும் விளையாட்டுக்கும் கன்சோலுக்கும் உரியது; அதைக் கழித்தால் புளூடூத்தின் பங்கு 210. விநாடிக்கு 60 காட்சிகள் ஓடும் விளையாட்டில் இது 12 காட்சிகளுக்கும் மேல்.

பழுது என்று நான் நினைக்கவில்லை. 40 என்பது பொதுவாக ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி கோடெக்கிற்குச் சொல்லப்படும் எண். அது ஹெட்போனிலும் இருந்தால்தான் வேலை செய்யும். வெறும் ஆப்டெக்ஸோ ஆப்டெக்ஸ் எச்டியோ இருப்பது போதாது, பெயர் ஒத்திருப்பதால் ஏமாறுபவர்கள் ஏராளம். பொதுவான கோடெக் கிடைக்காதபோது இரண்டு கருவிகளும் சத்தமில்லாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். உங்கள் 210 அந்தக் கதையைத்தான் சொல்கிறது. டிரான்ஸ்மிட்டரில் கோடெக்கைக் காட்டும் விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள். இரண்டாவது ஹெட்போன் ஏதேனும் இணைந்திருந்தால் துண்டித்துவிடுங்கள். சில டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டுக்கு ஒலி அனுப்பும்போது குறைதாமத முறையைக் கைவிட்டுவிடும். பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். 130, 140 அருகே வந்தால் பெட்டியில் போட்டது உண்மை. 300 மாறவில்லை என்றால் முதலில் ஹெட்போனின் கோடெக் பட்டியலைச் சரிபாருங்கள்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. நண்பர்களோடு பேச மைக்கைப் போட்டால் விளையாட்டுச் சத்தம் டெலிபோன்போல் ஆகிவிடுகிறது.

பதில்: இது வேறு பிரச்சினை, தம்பி. மைக் இயங்கியதும் ஹெட்போன் இசைக்கான முறையை விட்டு, அழைப்புக்கான இருவழி முறைக்கு மாறுகிறது. அங்கே ஒலி மோனோ, அதுவும் பெரும்பாலும் விநாடிக்கு 16,000 மாதிரிகள்தான். தனி மைக் ஒன்றை வயரில் இணைத்தால் தரம் திரும்பிவிடும்.

கேள்வி: யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் மட்டும் தாமதமே தெரிவதில்லையே?

பதில்: அலைவரிசை புளூடூத்தினுடையதேதான். ஆனால் இரு முனையும் ஒரே தயாரிப்பாளருடையது என்பதால் எதிர்முனை யாரோ என்ற கவலையின்றிக் கையிருப்பை மிகச் சிறிதாக வைக்க முடிகிறது. அதற்கு விலையும் உண்டு: பக்கத்தில் வைஃபை நெரிசல் இருந்தால் தாமதத்துக்குப் பதில் 'படக் படக்' என்று ஒலி அறுபடும். யுஎஸ்பி 3.0 துளைகளும் இந்த அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். அப்படி அறுபட்டால், ஒரு நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைச் செருகி, கணினியிலிருந்து சற்றுத் தள்ளி, ஹெட்செட்டை நேராகப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள்.