பழைய சம்பளத்தைச் சொத்தாக்கலாமா?

கேள்வி: கோவையில் நண்பரும் நானும் இரண்டே இயக்குநர்களாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். நூற்பாலைகளின் பஞ்சு, நூல் இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருளை 2023 ஏப்ரலில் எழுதத் தொடங்கினோம். 2026 பிப்ரவரி 1-இல் முதல் மில்லில் ஓடவிட்டோம். மூன்று வருடத்தில் ஆன செலவு 30 லட்சம், 36 லட்சம், 48 லட்சம். முதல் இரண்டு வருடம் முழுவதையும் செலவாகவே எழுதி நட்டம் காட்டினோம். இப்போது பாங்க் கடன் வேண்டும். மொத்தம் 1 கோடியே 14 லட்சத்தையும் இந்த வருட பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டலாம் என்கிறார் நண்பர். ஆடிட்டர் மறுக்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி எனக்கு என்ன ஆகும்?

பதில்: போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன், ஆடிட்டர் சொல்வதுதான் சரி. ஆனால் அவரும் ஒரு பங்கை விட்டுவிட்டார். 1 கோடியே 14 லட்சத்தில் 15 லட்சத்தை நீங்கள் நியாயமாகவே சொத்தாகக் காட்டலாம். மீதி 99 லட்சம் ஏன் முடியாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் அளவுள்ள, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனிக்குப் பொருந்துவது ஏ.எஸ். 26 என்ற கணக்கியல் தரம். கண்ணுக்குத் தெரியாத சொத்துகளைப் பற்றியது அது. நிகர மதிப்பு 250 கோடியைத் தாண்டியவர்களுக்கு வேறு தரம், அது உங்களுக்கு இப்போது வேண்டாம். ஏ.எஸ். 26 ஒரு விஷயத்தை மறுபேச்சுக்கு இடமில்லாமல் சொல்கிறது. முந்தைய ஆண்டறிக்கையில் ஒருமுறை செலவாக எழுதிய தொகையைப் பின்னால் எடுத்துவந்து சொத்தின் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது. மென்பொருள் பிற்பாடு எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி, அந்த 66 லட்சம் போனது போனதுதான்.

‘அப்போது தெரியாமல் தவறாக எழுதிவிட்டோம், திருத்துகிறோம்’ என்று நண்பர் வாதாடக்கூடும். தவறு என்றால் அன்றைக்கே சொத்தாகக் காட்டத் தகுதி இருந்திருக்க வேண்டும். உங்கள் 2024 ஜூன் குறிப்பிலேயே ‘பார்கோடா, எடை மேடையிலிருந்து நேரடியாக எடுப்பதா, இன்னும் முடிவாகவில்லை’ என்று இருக்கிறது. வழி தெரியாமல் தேடிக்கொண்டிருந்த காலத்துக்குக் கணக்கியலில் பெயர் ஆராய்ச்சிக் கட்டம். அந்தக் கட்டத்தின் செலவு ஒரு ரூபாய்கூடச் சொத்தாகாது. எது ஆராய்ச்சி, எது உருவாக்கம் என்று பிரிக்க முடியாவிட்டால் முழுவதும் ஆராய்ச்சியே என்பதும் விதி. உண்மையிலேயே பழைய அறிக்கை தவறு என்றால், கம்பெனிகள் சட்டம் பிரிவு 131-இன்படி சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி வாங்கி, கடந்த மூன்று நிதியாண்டுகளின் அறிக்கையைத் திருத்த வழி உண்டு. உங்கள் குறிப்பை வைத்துக்கொண்டு அங்கே போக நான் மனு எழுத மாட்டேன்.

சரி, கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது? தரம் ஆறு விஷயங்களை நிரூபிக்கச் சொல்கிறது. தொழில்நுட்ப ரீதியாக முடிக்க முடியும், முடிக்கும் எண்ணம் இருக்கிறது, விற்கவோ பயன்படுத்தவோ முடியும், அதனால் வருமானம் வரும், முடிக்கப் பணமும் ஆட்களும் இருக்கிறார்கள், செலவைத் தனியாக அளக்க முடிகிறது. ஆறும் ஒன்றாகக் கூடிய நாளிலிருந்து ஆகும் செலவுதான் சொத்து. ஐந்து இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் கிடையாது.

உங்களுக்கு அந்த நாள் 2025 செப்டம்பர் 1. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு மில்லின் உண்மையான மூன்று மாதத் தரவைப் போட்டு ஓட்டிய சோதனை அறிக்கை இருக்கிறது. இரண்டு மில்கள் வாங்கிக்கொள்வதாக எழுதிய கடிதம் இருக்கிறது. செப்டம்பர் 1 இயக்குநர் கூட்டக் குறிப்பில், முடிக்க ஆகும் தொகையும் அது எங்கிருந்து வரும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. உங்களில் யார் எழுதினாரோ, அந்த ஒரு பக்கம்தான் இப்போது 15 லட்சம் பெறும். ஆகஸ்ட் வரை உள்ள ஐந்து மாதச் செலவுக்கு இப்படி எதுவும் இல்லை, அதனால் அதுவும் செலவே.

கடிகாரம் நிற்கும் நாள் பிப்ரவரி 1, மென்பொருள் பயன்பாட்டுக்குத் தயாரான நாள். ஆக செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மாதம். மாதம் 4 லட்சம் என்பதால் 20 லட்சம் என்று அவசரப்பட வேண்டாம். அந்த 4 லட்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான்கு பொறியாளர்களின் சம்பளம் தலா 75,000, மொத்தம் 3 லட்சம். சோதனைக்கான சர்வர் வாடகை 37,500. அலுவலகப் பொதுச் செலவும் விளம்பரமும் 62,500. கடைசியாகச் சொன்னது வராது. பொது நிர்வாகச் செலவு, விற்பனைச் செலவு, ஊழியருக்குப் பயிற்சி கொடுத்த செலவு எதையும் அடக்கவிலையில் ஏற்ற முடியாது. சம்பளத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் நான்காவது பொறியாளர் பாதி நேரம் பழைய வாடிக்கையாளர்களின் இணையதளத்தைப் பார்த்திருக்கிறார் என்று உங்கள் டைம்ஷீட்டே சொல்கிறது. அவருடைய 37,500-ஐக் கழியுங்கள். மாதம் 2,62,500 சம்பளம், 37,500 சர்வர், சரியாக 3 லட்சம். ஐந்து மாதத்துக்கு 15 லட்சம்.

டைம்ஷீட் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் முன்பு வந்த ஒரு கம்பெனிக்கு இப்படிச் சொத்துக் காட்ட ஆசை வந்ததும், நிதியாண்டு முடிந்த பிறகு எட்டு மாத டைம்ஷீட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து எழுதினார்கள். கோப்புகளின் உருவாக்கத் தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தார்கள். பங்கு வாங்க வந்தவரின் ஆட்கள் முதல் நாளே அதைத்தான் பார்த்தார்கள். இப்போது நிலைமை இன்னும் கடினம். 2023 ஏப்ரல் 1-இலிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது செய்தது என்ற பதிவு அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும், ஆடிட்டர் அதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். சம்பளக் கணக்கிலிருந்து சொத்துக் கணக்குக்கு மாற்றும் பதிவை மே மாதம் போட்டால், மே மாதம் என்றே தெரியட்டும். ஆண்டு முடிவில் கணக்கைச் சரிக்கட்டும் பதிவு அப்படித்தான் வரும், அதில் தவறில்லை. தேதியை முன்னால் தள்ளினால்தான் தவறு.

இனி அந்த 15 லட்சத்தை எத்தனை வருடத்தில் எழுதித் தீர்ப்பது? பத்து வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது தரத்தின் அனுமானம். ஆனால் அதே தரம், மென்பொருள் சீக்கிரம் காலாவதியாகும், ஆயுள் குறைவாகவே இருக்கும் என்றும் எச்சரிக்கிறது. பத்து என்று போட்டால் ஆடிட்டர் ஏற்க மாட்டார், நானும் ஏற்க மாட்டேன். மில்களோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் ஐந்து வருடப் பராமரிப்பைப் பேசுகிறது, அதனால் ஐந்து வருடத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. மாதம் 25,000. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்கு 50,000 இந்த வருடச் செலவு, 2026 மார்ச் 31-இல் பேலன்ஸ் ஷீட்டில் நிற்பது 14,50,000. இந்த வருடச் செலவு 48 லட்சத்துக்குப் பதில் 33,50,000 ஆகிறது. இரண்டு மில்களும் அடுத்த வருடம் விலகினால் மிச்சத்தை ஐந்து வருடம் இழுக்க முடியாது. திரும்பக் கிடைக்கக்கூடிய மதிப்புக்கு அப்போதே குறைத்தாக வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு பிழை திருத்துகிற சம்பளம் எப்போதும் செலவே. புதிதாக ஒரு பகுதி கட்டினால் அதற்கு ஆறு கேள்வியும் மறுபடி முதலிலிருந்து.

வருமான வரிக்கு இதனால் கெடுதல் வருமோ என்று தாளின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதினோம் என்பது மட்டுமே வரிக் கழிவைத் தீர்மானிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் கேதார்நாத் ஜூட் வழக்கிலேயே சொல்லிவிட்டது. அந்த 15 லட்சம் வரிக்கு நடப்புச் செலவா மூலதனமா என்பது தனிக் கேள்வி. வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் இந்தத் தாளையே காட்டுங்கள்.

இப்போது நண்பரின் உண்மையான நோக்கத்துக்கு வருவோம். அவர் பாங்குக்காகத்தான் இதைச் செய்கிறார். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடன் பார்க்கிற அதிகாரி நிகர மதிப்பை எடுத்துக்கொள்ளும்போது கண்ணுக்குத் தெரியாத சொத்துகளைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார். பாங்க் படிவங்களில் அதற்கென்று தனி வரியே இருக்கும். 1 கோடியே 14 லட்சம் ஏற்றினாலும் அவருடைய கணக்கில் அது பூஜ்யம்தான். லாப நட்டக் கணக்கு மட்டும் அழகாகத் தெரியும், அதற்காகத்தான் இந்த ஆபத்து.

ஆபத்து சின்னதில்லை. பாங்கிலிருந்து கடன் வசதி பெற, தெரிந்தே பொய்யான அல்லது ஏமாற்றுகிற தகவல் கொடுத்து ஒப்பந்தம் செய்ய வைப்பதைக் கம்பெனிகள் சட்டம் பிரிவு 36 பெயர் சொல்லிப் பிடிக்கிறது. தண்டனை பிரிவு 447-இன் மோசடித் தண்டனை. தொகை 10 லட்சமோ, விற்றுமுதலில் ஒரு சதவீதமோ, எது குறைவோ அதைத் தாண்டினால் ஆறு மாதம் முதல் பத்து வருடம் வரை சிறை, கூடவே மோசடித் தொகைக்குக் குறையாத அபராதம். 99 லட்சம் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கியல் தரத்தை மீறிய அறிக்கைக்குப் பிரிவு 129-இல் தனித் தண்டனை உண்டு, ஒரு வருடம் வரை சிறை அல்லது 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நிதிக்கென்று தனி அதிகாரி இல்லாத இடத்தில் அது எல்லா இயக்குநர்களையும் தொடும். ‘ஆடிட்டர் வேண்டாம் என்றார், நண்பர் சொன்னதால் போட்டேன்’ என்பது காப்பு ஆகாது, தெரிந்தே செய்ததற்கு அதுவே சாட்சி ஆகும்.

செய்ய வேண்டியது இது. இயக்குநர் கூட்டத்தைக் கூட்டி, 15 லட்சத்துக்கான கணக்கை மேலே சொன்ன தேதிகளோடு ஒரு குறிப்பாக வையுங்கள். நண்பர் 1 கோடியே 14 லட்சத்தில் நின்றால், ஏற்கவில்லை என்பதையும் காரணத்தையும் கூட்டக் குறிப்பில் உங்கள் வார்த்தையில் பதிவு செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் சொன்னது போதாது. நீங்கள் இருவர்தான் என்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் அறிக்கை நகராது. அந்த நெருக்கடி வரும்போது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான செப்டம்பர் 30 கெடுவைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். நிதி அறிக்கையைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவம் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய், அதற்கு மேல் தனி அபராதமும் வரலாம். அதைக் கட்டிவிடலாம்.