மார்க்கருக்கு என்ன விலை? துணி யாருடையது என்று கேளுங்கள்

கேள்வி: பதினோரு ஆண்டுகள் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வேலையும், அதன் துண்டுகளைத் துணி வீணாகாமல் நெருக்கமாக அடுக்கும் மார்க்கர் வேலையும் பார்த்துவிட்டு, இப்போது திருப்பூரில் தனியாகச் செய்கிறேன். மணிக்கு 400 ரூபாய் வாங்குகிறேன். முன்பு ஒரு நாள் பிடித்த வேலையை இப்போது மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்; வருமானம்தான் குறைகிறது. நேரத்துக்கு விலை வைக்காதே, வேலையின் பலனுக்கு வை என்கிறார்கள். அந்த விலையை எப்படிக் கணக்கிடுவது? முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

பதில்: கணக்குப் போடுவதற்கு முன்னால், அந்த யூனிட்டில் துணிக்குப் பணம் கொடுப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சொந்தமாக நூல் வாங்கி, நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் கொடுத்துத் துணி எடுப்பவரா? அல்லது இன்னொருவர் அனுப்பும் துணியை வெட்டித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டா? முதலாமவருக்கு உங்கள் மார்க்கர் ஒவ்வொரு கிலோவிலும் காசு மிச்சப்படுத்துகிறது. இரண்டாமவருக்கு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மிஞ்சும் துணி அவருடையதே அல்ல. அதே மார்க்கருக்கு ஒரு வாசலில் லட்சக்கணக்கில் மதிப்பு, அடுத்த வாசலில் ஒன்றுமில்லை. ஜாப் ஒர்க் யூனிட்டிடம் இப்போது வாங்குகிற மணிக் கூலியையே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பலனைப் பற்றிப் பேசினால் அவர் சிரிப்பார். சிரிப்பதில் தவறும் இல்லை.

இரண்டாவது, உங்களை எப்போது கூப்பிடுகிறார்கள் என்பது. துணி வந்து கோடவுனில் இறங்கிய பிறகு கூப்பிட்டால், நீங்கள் எவ்வளவு நெருக்கமாக மார்க்கர் போட்டாலும் மிச்சமாவது ஸ்டாக் துணிதான். அந்த நிறத்துக்கும், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம்முக்கும் வேறு ஆர்டர் வருவது அபூர்வம். ஆறு மாதம் தூசி படிந்து கிடந்துவிட்டுப் பாதி விலைக்குப் போகும். எவ்வளவு துணி வேண்டும் என்று நிட்டிங்குக்குப் புரோகிராம் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் பீஸுக்கு எத்தனை கிராம் என்று சொல்லிவிட்டால், அந்தத் துணியை வாங்கவே வேண்டியதில்லை. முழு விலையும் மிச்சமாவது அப்போதுதான். ஆகவே பலனுக்கு விலை வைக்க விரும்புகிறவர் கட்டிங் மேசைக்குப் போவதற்கு முன், விலை போடும் மேசையில் உட்கார வேண்டும். கூலியை மாற்றுவதற்கு முன் உங்கள் வேலை தொடங்கும் இடத்தை மாற்றுங்கள்.

இனி கணக்கு. மாதம் சராசரியாக 15,000 கிலோ வெட்டும், சொந்தத் துணி எடுக்கும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய மார்க்கர் எஃபிஷியன்சி, அதாவது துணியில் பீஸாக மாறும் பங்கு, 82 சதவீதம். நீங்கள் போட்டால் 84. இரண்டு புள்ளி கூடினால் துணி இரண்டு சதவீதம் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். 82-ஐ 84-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.976 வரும். அதாவது துணித் தேவை 2.38 சதவீதம் குறைகிறது, மாதம் 357 கிலோ. கிலோ 420 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம்.

இந்த ஒன்றரை லட்சத்தை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். வீணாகும் துணி சும்மா போவதில்லை. கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டி விற்கிறார்கள். கிலோவுக்கு 50 ரூபாய் வருகிறது என்று வைத்தால், 357 கிலோவில் சுமார் 18,000 ரூபாய் அவருக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பணம். அதைக் கழித்தால் மாதம் 1.32 லட்சம். கழிக்காமல் பேசினால், அவர் மனத்துக்குள் கழித்துக்கொண்டு உங்களைக் கணக்குத் தெரியாத ஆள் என்று முடிவு செய்துவிடுவார்.

ஆறு மாத சீசனுக்கு இது கிட்டத்தட்ட எட்டு லட்சம். இதில் பாதியைத்தான் நான் எண்ணுவேன். டையிங்கிலிருந்து வரும் ரோல்களில் அகலம் ஒன்றுபோல இருக்காது. அடுக்கடுக்காக விரிக்கும் லேயின் இரு முனையிலும் துணி போகும், கட்டிங் மாஸ்டர் அவசரத்தில் பழைய மார்க்கரையே விரிப்பார், ஆர்டர் குறைந்த மாதமும் வரும். கணினித் திரையில் தெரியும் மிச்சம் முழுவதும் தரையில் கிடைக்காது. ஆக, நம்பிச் சொல்லக்கூடிய பலன் நான்கு லட்சம்.

இதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 75,000 ரூபாய் கேளுங்கள். பத்து ஸ்டைலுக்கு மார்க்கர், ஒவ்வொன்றுக்கும் புரோகிராமுக்கு முன்பே துணிக் கணக்கு, முதல் லே விரிக்கும்போது கூட நிற்பது எல்லாம் சேர்த்து உங்களுக்கு 60 மணி நேரம் ஆகும் என்றால், பழைய விலையில் 24,000 கிடைத்திருக்கும். ஐந்தில் ஒன்று என்பது சட்டமல்ல. போட்ட பணத்துக்கு ஐந்து மடங்கு திரும்புகிறது என்றால் முதலாளி அதிகம் யோசிக்க மாட்டார் என்பது என் அனுபவம். மூன்றில் ஒன்று கேட்டால் யோசிப்பார். அந்த 24,000 ரூபாய் கணக்கைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் தரை, அதற்குக் கீழே இறங்காதீர்கள். மாதம் 2,000 கிலோ மட்டும் வெட்டும் சிறிய யூனிட்டில் இதே கணக்கைப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு 11,000-ஐக்கூடத் தொடாது. பத்து ஸ்டைல் வேலையைப் பலனுக்கு விலை வைத்து அங்கே செய்தால் நஷ்டம் உங்களுக்கு. மணிக் கூலி சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு மார்க்கருக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள்.

எப்படிப் பேசுவது என்றால், எண்கள் அவர் வாயிலிருந்து வர வேண்டும். "நான் நான்கு லட்சம் மிச்சப்படுத்துவேன்" என்று நீங்கள் சொன்னால் அது விளம்பரம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணா, போன சீசன் முடிந்தபோது எவ்வளவு துணி மிஞ்சியது?" அவர் ஒரு டன்னுக்கு மேல் என்பார். "என்ன விலைக்குப் போனது?" இங்கே ஒரு பெருமூச்சு வரும். "விலை போடும்போது பீஸுக்கு எத்தனை கிராம் வைத்தீர்கள், கட்டிங்கில் எவ்வளவு வந்தது?" பெரும்பாலான யூனிட்டுகளில் இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது, முதலாளிக்கே அது அன்றைக்குத்தான் உறைக்கும். "இந்த வித்தியாசத்தில் பாதி குறைந்தால் ஒரு சீசனுக்கு உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கால்குலேட்டரை அவர் எடுக்கட்டும். விலையை அன்றே சொல்ல வேண்டாம். பழைய ஆர்டர்கள் ஆறின் கட்டிங் கணக்கை வாங்கிக்கொண்டு வாருங்கள். எண்ணைச் சொல்லவே மறுக்கிறவரிடம் இந்த முறை நடக்காது. மணிக் கூலிக்குத் திரும்பிவிடுங்கள்.

கட்டிங் கணக்கை முன்கூட்டியே வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு யூனிட்டில் மிச்சத்தில் பத்து சதவீதம் என்று வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டு வேலை செய்தேன். மார்க்கரில் துணி குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. சீசன் முடிவில் கணக்கர் ஏட்டைத் திருப்பி, பீஸுக்கு ஆன எடை போன முறையைவிடக் கூடியிருக்கிறது, உங்களுக்கு எதுவும் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 180 ஜிஎஸ்எம் கேட்ட துணி டையிங்கிலிருந்து 188-ஆக வந்திருந்தது. அதே நீளம், அதே அகலம், எடை மட்டும் 4.4 சதவீதம் அதிகம். நான் மிச்சப்படுத்திய இரண்டு சொச்சம் அதற்குள் மூழ்கிப் போனது. ஜிஎஸ்எம்மை நானும் எழுதி வைக்கவில்லை, அவர்களும் எழுதி வைக்கவில்லை. பேச வழியில்லாமல் எழுந்து வந்தேன்.

அதனால் வேலை தொடங்குமுன் ஒரு தாளில் மூன்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: பழைய ஆர்டர்களில் ஒரு பீஸுக்கு ஆன துணி, அன்றைய ஜிஎஸ்எம், துணியின் அகலம். வேலைக்குப் பிறகு ஒப்பிடும்போது எடையை ஜிஎஸ்எம்மால் சரிசெய்துதான் ஒப்பிட வேண்டும். உங்கள் வேலை தரையில் இறங்கியிருக்கிறதா என்பதை அறிய இன்னொரு எளிய வழி, ஒரு லே முடிந்ததும் வேஸ்ட் மூட்டையைத் தராசில் வைப்பது. திரையில் 84 காட்டியும் மூட்டை இளைக்கவில்லை என்றால், யாரோ வேறு அகலத்துத் துணியை உங்கள் மார்க்கரில் விரித்திருக்கிறார்கள்.

என் கதையைக் கேட்ட பிறகு, பங்கு வாங்குவதா மொத்தத் தொகை வாங்குவதா என்ற கேள்வி வரும். பலனுக்கு விலை வைப்பது என்றாலே பங்கு கேட்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எதிர்பார்க்கும் பலனை வைத்து ஒரு தொகையை முன்பே முடிவு செய்வது ஒன்று. கிடைத்த பலனில் பங்கு வாங்குவது வேறொன்று. பின்னதில் துணி விலை, டையிங், கட்டிங் மாஸ்டரின் மனநிலை என்று உங்கள் கையில் இல்லாத எல்லாம் உங்கள் கூலியைத் தீர்மானிக்கும். முன்னதையே தேர்ந்தெடுங்கள், பாதித் தொகையை முன்பணமாகவும், மீதியை மார்க்கர்களை ஒப்படைக்கும் நாளிலும் வாங்குங்கள். (இதைப் படிக்கும் வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் கவனிக்க: வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேச வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை. லாபத்தில் சதவீதமாகக் கட்டணம் வாங்குவதற்கு ஆடிட்டர்களுக்கும் பொதுவாக 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் தடை. பங்கு முறை எல்லாத் தொழிலுக்கும் திறந்த கதவு அல்ல.)

பேரம் வரும். "பத்து மார்க்கருக்கு 75,000 ரூபாயா, எத்தனை நாள் வேலை?" என்பார். நாள் கணக்கைச் சொன்ன கணத்தில் நீங்கள் மறுபடியும் மணிக் கூலிக்காரர். "ஸ்டைல் பத்துக்கும் புரோகிராம் போடும் தேதிக்கு முன் துணிக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்" என்று தேதியைச் சொல்லுங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் வேலையைக் குறையுங்கள். அதிகத் துணி போகும் நான்கு ஸ்டைலுக்கு மட்டும் 40,000 என்று சொல்லலாம். அல்லது முதல் லேக்குக் கூட நிற்பதை விட்டுவிடலாம். ஆனால் அதை விட்டால் மிச்சம் கைக்கு வருவது குறையும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை அப்படியே இருக்க விலை மட்டும் இறங்கினால், முதலில் சொன்னது புளுகு என்று ஆகிவிடும்.

இப்போது மணிக்கு 400 கொடுத்துக்கொண்டிருக்கும் பழைய வாடிக்கையாளர்களிடம் நடக்கிற வேலையின் விலையை மாற்றாதீர்கள். சைஸ் செட் மாற்றுவது, பழைய மார்க்கரை வேறு அகலத்துக்குத் திருத்துவது போன்றவற்றுக்கு மணிக் கூலிதான் பொருத்தம். அவர்களில் சொந்தத் துணி எடுக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த சீசனுக்கு சாம்பிள் ஒப்புதல் வந்து, புரோகிராம் இன்னும் போடாத வாரத்தில் போய்ப் பாருங்கள். போகும்போது அவருடைய போன சீசன் ஆர்டர் ஒன்றின் பழைய மார்க்கரையும், அதையே நீங்கள் திரும்பப் போட்ட மார்க்கரையும் அச்செடுத்துக் கொண்டுபோய், இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். எது எவ்வளவு நீளம் குறைவு என்று அவரே அடிக்கோலை வைத்துப் பார்க்கட்டும்.