தலசீமியா டிரெய்ட் இருந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?

"ஹீமோகுளோபின் 10.4, எம்சிவி 66, ஹெச்பி ஏ2 5.2%. பீட்டா தலசீமியா டிரெய்ட் என்று ரிப்போர்ட். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையிடம் சொன்னால் நின்றுவிடுமோ?"

சொல்லிவிடுங்கள் சகோதரி, நிறுத்தக் காரணமே இல்லை. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக் குறைபாடு, டிரெய்ட் என்றால் அதைச் சுமப்பவர் என்றுதான் பொருள். உங்களுக்கு, ஹீமோகுளோபினை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணு இரண்டில் ஒன்றில்தான் பழுது. மற்றது வேலை செய்வதால் லேசான சோகையோடு நின்றுவிடும், தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோயாக மாறாது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுது வந்து, இரண்டும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்குத்தான் மேஜர். அதற்கு வாழ்நாள் முழுக்க மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும் ரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்தும் வேண்டும்.

ஆகவே இப்போது பார்க்க வேண்டியது மாப்பிள்ளையின் ரத்தத்தை. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசியோடு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சியும் எடுக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 13 என்றதும் விட்டுவிடக் கூடாது, டிரெய்ட் உள்ள ஆண்களுக்கும் அந்த அளவு இருக்கலாம். டிரெய்ட் உள்ளவர்களுக்கு உயரும் ஹெச்பி ஏ2-வை இரும்புச்சத்துக் குறைவு குறைத்துக் காட்டும் என்பதால், சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி 80-க்குக் கீழே இருந்தால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபினின் வேறு மரபு மாற்றங்களான ஹெச்பி ஈ, சிக்கிள் டிரெய்ட் வந்தாலும் உங்களோடு சேரும்போது சிக்கல்தான்.

எல்லாம் நார்மல் என்றால் பிள்ளைக்கு மேஜர் வரும் கவலை இல்லை. டிரெய்ட் மட்டும் 50% வாய்ப்பில் வரலாம். அவருக்கும் பீட்டா டிரெய்ட் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜர் வாய்ப்பு 25%. முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தாலும் அடுத்ததற்கு அதே 25% தான். அப்போதும் கல்யாணம் செய்யலாம். ஆனால் இருவரின் மரபணு மாற்றத்தையும் முன்பே கண்டறிந்து வைத்தால்தான், கர்ப்பத்தின் 11-வது வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க முடியும்.

அப்புறம், ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடாதீர்கள்.