சரிவு ஏன் 1.3 மடங்கு?

"சுவிட்ச்-மின்தேக்கி இன்டெகிரேட்டர் ஒன்று கட்டினேன்: 100 pF மின்தேக்கி, 100 kHz கிளாக், இரண்டு சுவிட்ச், ஆப்-ஆம்பின் பின்னூட்டத்தில் 10 nF. 1 V கொடுத்தால் மில்லிசெகண்டுக்கு 1 V இறங்க வேண்டும், 1.3 V இறங்குகிறது. ஏன்?"

உங்கள் கணக்கு சரிதான்: சமான மின்தடை R = 1/(fC) = 100 kΩ, ஒரு துடிப்புக்கு 10 mV. ஆனால் சுவிட்சும் பிரெட்போர்டும் சேர்ந்து சுமார் 30 pF உதிரிக் கொள்ளளவை அந்த 100 pF-உடன் பக்க இணைப்பாகச் சேர்த்துவிடுகின்றன. 100 pF மின்தேக்கியைக் கழற்றிப் பாருங்கள், 0.3 V சரிவு அப்படியே நிற்கும். (இரு சுவிட்சுகளின் கிளாக்குகளும் ஒரே நேரத்தில் உயர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும், முதலில் ஸ்கோப்பில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.)

தீர்வு நான்கு சுவிட்ச். ஒரே CD4066 போதும். முதல் கட்டத்தில் மின்தேக்கியின் இடத்தகடு உள்ளீட்டுக்கு, வலத்தகடு தரைக்கு. இரண்டாம் கட்டத்தில் இடத்தகடு தரைக்கு, வலத்தகடு ஆப்-ஆம்பின் மைனஸ் முனைக்கு. வலத்தகட்டின் உதிரிக் கொள்ளளவு எப்போதும் 0 V-இலேயே இருப்பதால் மின்னூட்டம் சேர்க்காது. இடத்தகட்டினுடையது உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையில் மட்டுமே ஆடும், அதன் மின்னூட்டம் மைனஸ் முனைக்குப் போகாது. அப்புறம், வெளியீடு இனி இறங்காது, ஏறும்.