அப்பாவைச் சும்மா விடலாமா?

வணக்கம் ஐயா. என் அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 70. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, பீடோங்கில் ஒரு தாமானில் எங்களோடு இருக்கிறார். கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்தவர், இந்த முறை தானாகவே வேண்டாம் என்றுவிட்டார். பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான் பகுதி நேரமாகச் சமூகப் பணி படிக்கிறேன். வகுப்பில் செயல்பாட்டுக் கோட்பாடு, விலகல் கோட்பாடு என்று இரண்டு சொன்னார்கள். முதலாவதை நம்பி அவரை முதியோர் மையத்தில் சேர்க்க நினைக்கிறேன். அண்ணன், "வயசானவரைச் சும்மா விடு" என்கிறார். எது சரி?
— வாசகி, பீடோங்

அன்புள்ள சகோதரி,

அண்ணன் சொல்வது விலகல் கோட்பாட்டின் பாதிதான். எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி இருவரும் 1961இல் அதை முன்வைத்தபோது, விலகல் இரண்டு பக்கமும் நடக்கிறது என்றார்கள். முதியவர் பொறுப்புகளிலிருந்து கையை எடுக்கிறார். அதே சமயம் சமூகமும் அவரை விடுவிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் பிரச்சினை இல்லை. அவர் தயாராகும் முன்பே சமூகம் தயாராகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே எழுதினார்கள்: பெரும்பாலும் சமூகம் நினைத்ததுதான் நடக்கும், அவர் விலகியே ஆக வேண்டும். கோட்பாட்டில் எனக்கு மிக உண்மையாகப் படும் இடம் இதுதான். வகுப்பில் இதை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

உங்கள் அப்பாவிடம் இதைப் பொருத்திப் பாருங்கள். வேலை முடிந்தது தீம்பார் விதிப்படி. வேலை போனதும் வீடும் போனது. லயத்தில் கதவைத் திறந்தாலே ஆள் இருந்திருப்பார்கள். இப்போது அவர்கள் ஆளுக்கொரு தாமானில். இதில் எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தானே விட்டது கமிட்டி ஒன்றைத்தான். அதையும் ஏன் விட்டார்? சலித்துப் போயா, இளைஞர்கள் ஓரங்கட்டினார்களா, இல்லை கூட்டத்தில் பேசுவது காதில் சரியாக விழவில்லையா? மூன்றும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது மட்டுமே விலகல்.

ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1975இல் வைத்த குறையும் இதை ஒட்டியதுதான். விலகாத முதியவரைக் காட்டினால், அவர் விதிவிலக்கு என்றோ இன்னும் நேரம் வரவில்லை என்றோ இந்தக் கோட்பாடு சமாளித்துவிடும். அப்படியானால் அதைப் பொய்யென்று காட்ட வழியே இல்லை.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருவோம். செயல்பாட்டுக் கோட்பாட்டுக்காரர்கள், நடு வயதில் செய்ததை முடிந்தவரை தொடர வேண்டும், கைவிட்டுப் போனதற்கு ஈடாக இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். ராபர்ட் ஹாவிகர்ஸ்ட் அதன் முக்கியப் பெயர். அவரும் விலகல்காரர்களும் கேன்சஸ் சிட்டியில் நடந்த ஒரே ஆய்வின் பேட்டிகளைத்தான் படித்தார்கள்! பின்னர் ஹாவிகர்ஸ்டும் பெர்னிஸ் நியூகார்டனும் மற்றவர்களும் சேர்ந்து அவற்றை ஆள் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அதிகம் வெளியே போகாமல் நிறைவாக இருந்தவர்களும் கிடைத்தார்கள். அதே அளவு ஒதுங்கி, எதிலும் பிடிப்பற்று இருந்தவர்களும் கிடைத்தார்கள். எவ்வளவு நேரம் வாசலில் உட்காருகிறார் என்று கணக்குப் பார்த்து இந்த இருவரையும் பிரிக்க முடியாது.

முதியோர் மையம் பற்றி இன்னொன்று. 1972இல் லெமன், பெங்க்ட்சன், பீட்டர்சன் மூவரும், ஓய்வுபெற்றோர் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்த அமெரிக்கர்களிடம் செயல்பாட்டுக் கோட்பாட்டைச் சோதித்தார்கள். சங்கம், குழு போன்ற முறையான நடவடிக்கைகளுக்கும் வாழ்க்கை நிறைவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது நண்பர்களோடு சும்மா பழகுவதற்குத்தான். அதுவும் ஓரளவே. நண்பர்கள் இருப்பதால் நிறைவா, நிறைவாக இருப்பவருக்கு நண்பர்கள் சேர்கிறார்களா என்பதையும் அந்த மாதிரிச் சோதனை சொல்லாது. தோட்டத்து மனிதர்கள் அதில் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் மையத்தில் பெயர் பதிவதைவிட, பழைய லயத்துக்காரர் ஒருவரோடு வாரம் ஒருமுறை கோப்பிக் கடையில் உட்கார வைப்பது உங்கள் அப்பாவுக்கு நெருக்கமானது என்பேன். போய்வர யாராவது காரில் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கும். அது அண்ணன் வேலை.

அதற்கு முன் அவரைக் கிளினிக்கில் காட்டுங்கள். காது, கண்புரை, முழங்கால், அடிக்கடி சிறுநீர் போவது, இவையெல்லாம் மனிதரை வீட்டிலேயே உட்கார வைப்பவை. பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. அப்புறம் சாப்பாடும் தூக்கமும் குறைந்திருக்கிறதா, முன்பு பிடித்த ஒன்றைக் காட்டினாலும் முகம் மாறுவதில்லையா என்று கவனியுங்கள். சில வாரங்களாகவே அப்படியென்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லை, வாசலில் போகிற வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டு நிம்மதியாகவே இருக்கிறார் என்றால், அண்ணன் சொன்னபடி விட்டுவிடலாம்.